பாட்டு விழித்திருக்க, கண் உறங்கும்

கல்முனையில் சுபஹுக்கு 4.30 மணிக்கு எழும்பும் மீன் லொறிச் சாரதி ஒருவர், பகல் முழுக்க அலுவல் பார்த்துவிட்டு, இஷா தொழுத கையோடு 8 மணிக்கு வண்டியை எடுக்கிறார் என்று வையுங்கள். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி கடந்து, பொத்துவிலில் மொனராகலைப் பக்கம் கிறுகும்போது 9.30 ஆகிவிடும். அவர் கண்விழித்துச் சரியாக 17 மணிநேரம். பேலியகொடை மீன் சந்தைக்கு இன்னும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கிடக்கிறது.

இந்த 17 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1997இல் அவுஸ்திரேலியாவின் டோசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒரே ஆட்களை ஒருநாள் நித்திரை கொள்ளவிடாமல் வைத்தும், இன்னொருநாள் மது கொடுத்தும், கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளந்தார்கள். 17 மணிநேரம் விழித்திருந்தவரின் கை, இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் கையைப் போலவே தடுமாறியது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத எங்கள் ஊர்ச் சாரதி, பொத்துவில் சந்தியில் அந்த நிலையில்தான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். அப்போதுதான் அவருடைய கை பாட்டுப் பெட்டிப் பக்கம் போகிறது.

என் சாச்சாவின் மகன் இந்தத் தொழில்தான் செய்கிறான். சாய்ந்தமருதுக் கரையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஏற்றும் மீனை ஐஸ் போட்டுக் கூலர் லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோவான். சிலர் மட்டக்களப்பு, பொலன்னறுவை வழி பிடிப்பார்கள். இவனுக்கு மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழிதான் பழக்கம். ஒருமுறை அவனோடு நானும் போனேன். அன்று அவன் எழும்பியதும் புறப்பட்டதும் மேலே சொன்ன அதே நேரங்களில்தான். "நித்திரை வராதாடா தம்பி?" என்று கேட்டதற்கு, டாஷ்போர்டில் குத்தியிருந்த பென் ட்ரைவைத் தட்டிக் காட்டினான். "பாட்டு இரிக்கி காக்கா. கண் போகாது."

அவன் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

சாரதியின் கண்ணைச் செருக வைப்பவை இரண்டு. ஒன்று சலிப்பு. நேரான பாதை, எதிரே வண்டி இல்லை, ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரே தார், ஒரே வெள்ளைக்கோடு. மூளைக்கு வேலை இல்லாததால் அது மந்தமாகிறது. மற்றது உண்மையான நித்திரை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேர நித்திரைப் பாரம் கூடும். அதோடு உடம்புக்குள் இருக்கும் கடிகாரம், அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் உடற்சூட்டைத் தாழ்த்தி, 'படு' என்று சொல்கிறது. சலிப்பும் நித்திரையும் வெளியில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் கொட்டாவி வரும், இரண்டிலும் கண் எரியும். ஆனால் பாட்டு முதலாவதுக்கு மருந்து, இரண்டாவதுக்கு வெறும் மறைப்பு.

முதலாவதுக்கு ஏன் மருந்தாகிறது? காதுக்கு இமை கிடையாது. 1949இல் மொருஸி, மகூன் என்ற இருவர் மூளைத்தண்டின் நடுவே ஓடும் ஒரு நரம்பு வலையைத் தூண்டி, உறங்கும் பூனையின் மூளை அலைகளை விழிப்பு அலைகளாக மாற்றிக் காட்டினார்கள். காதிலிருந்து போகும் சேதி அந்த வலையையும் தொட்டுக்கொண்டுதான் மேலே போகிறது. தாளமும் மெட்டும் மாறிமாறி வரும்போது, வேலையில்லாமல் மந்தமான மூளைக்கு அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கிடைக்கிறது. அடினோசினை அது ஒரு துளிகூடக் குறைப்பதில்லை. கடிகாரத்தையும் தள்ளி வைப்பதில்லை.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னர், ஹோர்ன் இருவரும் 1998இல் இதை நேராகவே சோதித்தார்கள். முதல்நாள் 5 மணிநேரம் மட்டுமே நித்திரை கொண்ட 16 இளம் சாரதிகளைப் பிற்பகலில், நகராத காருக்குள் இருத்தி, திரையில் ஓடும் சலிப்பான நெடுஞ்சாலையில் ஓட்டச் சொன்னார்கள். ஒருநாள் முகத்தில் குளிர்காற்று, ஒருநாள் ரேடியோ அல்லது கெசட், ஒருநாள் எதுவுமில்லை. கோட்டைத் தாண்டிய தவறுகளை எண்ணிப் பார்த்தபோது, குளிர்காற்றும் சரி பாட்டும் சரி, சொல்லிக்கொள்ளும்படியாகத் தவறுகளைக் குறைக்கவில்லை. பாட்டு கொஞ்சம் உதவுவதுபோல் தெரிந்தது, அவ்வளவுதான். அவர்கள் எழுதிய முடிவு எனக்குப் பிடித்தது. வண்டியை நிறுத்த நல்ல இடம் தேடிப் போகும்வரை தாக்குப்பிடிக்க இவை உதவலாம், அதற்குமேல் நம்பாதே என்பது அதன் சாரம். பாட்டை நித்திரைக்கு எதிரான ஆயுதமாக எண்ணாமல், தேத்தண்ணிக் கடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கைப்பிடியாக எண்ணச் சொல்கிறார்கள்.

இனி எந்தப் பாட்டு, எந்த இடத்தில் என்று பார்க்கலாம். பொதுவாகச் சொன்னால் புரியாது. தம்பியின் வழியிலேயே போவோம்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை பாட்டே தேவையில்லை. முச்சக்கரவண்டி, மாடு, குறுக்கே ஓடும் பிள்ளைகள், பள்ளிவாசலில் இருந்து வீடு திரும்பும் கூட்டம் எல்லாம் சேர்ந்து மூளைக்கு நிறையவே வேலை கொடுத்துவிடும். தம்பி அந்த நேரத்தில் பயண துஆ ஓதிவிட்டுச் சும்மா இருப்பான். கிராஅத் போட்டுக்கொண்டு போகும் சாரதிகளும் உண்டு. இவன் போடுவதில்லை. ஓதும்போது காதுகொடுத்துக் கேட்கவேண்டும், நான் முன்னால் போற பஸ்ஸைத்தானே பார்ப்பேன் என்றான். அவன் மார்க்கக் கடமையாகச் சொன்னது, கவன விஞ்ஞானத்திலும் அப்படியே பொருந்தும். கவனம் என்பது ஒரு குடம் தண்ணீர். இரண்டு பாத்திரத்தில் ஊற்றினால் இரண்டும் நிறையாது. தெரியாத ஊரில் வீட்டு இலக்கம் தேடும்போது எல்லோருடைய கையும் தானாகவே ரேடியோச் சத்தத்தைக் குறைப்பதற்கும் இதுதான் காரணம். கண்ணால் தேடுவதற்குக் காது ஏன் ஓயவேண்டும் என்று நாம் கேட்பதில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது.

பொத்துவிலுக்கும் சியம்பலாண்டுவவுக்கும் இடையில் லகுகலைக் காடு. யானை பாதையைக் கடக்கும் இடம். அங்கே பாட்டு நிற்கவேண்டும். யானையைக் காதால் கேட்டுவிடலாம் என்பதற்காகச் சொல்லவில்லை, எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஹெட்லைட் எட்டும் தூரத்துக்கு அப்பால் ஒரு கரிய உருவம் இருக்கிறதா என்று கண் தேடிக்கொண்டே இருக்கவேண்டிய ஐந்தாறு மைல் அது. குடத்துத் தண்ணீர் முழுவதும் கண்ணுக்கே வேண்டும்.

காடு முடிந்து, மொனராகலை, புத்தல, வெல்லவாயவரை போகும் நீண்ட தூரம்தான் பாட்டின் உண்மையான இடம். நேரம் இரவு 10 தொடக்கம் 12 வரை. உடற்கடிகாரம் இன்னும் அடிமட்டத்துக்குப் போகவில்லை. பாதை இலகு, வாகனம் குறைவு. இங்கே செருகும் கண்ணில் பெரும்பங்கு சலிப்பு. இந்த இடத்தில் பாட்டைச் சரியாகத் தெரிவுசெய்தால் அது உண்மையாகவே வேலை செய்யும்.

முதலாவது தாளவேகம். துள்ளல் பாட்டுத்தான் நித்திரையை விரட்டும் என்பது சாரதிகளின் பொது நம்பிக்கை. வாரன் ப்ராட்ஸ்கி என்ற இசை உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், திரைவண்டி ஓட்டியவர்களுக்கு மெதுவான, நடுத்தரமான, வேகமான இசைகளைக் கேட்கக் கொடுத்தார். வேகமான இசை என்றால் நிமிடத்துக்கு 120 தட்டுக்கு மேல். அதைக் கேட்டவர்களின் வண்டி வேகம் கூடியது. சிவப்பு விளக்கைத் தாண்டிப்போன தவறும் கூடியது. கால் தாளத்தைப் பின்பற்றுகிறது, தாளம் அக்ஸிலரேட்டருக்கு இறங்குகிறது. ஐஸும் மீனுமாகப் பாரம் ஏற்றிய லொறிக்கு இது விளையாட்டல்ல. அதனால் சாரதிக்கு ஏற்றது நடுத்தர வேகம், நிமிடத்துக்கு 85இலிருந்து 110 தட்டு வரை. அளப்பது சுலபம். வீட்டில் இருக்கும்போது பாட்டைப் போட்டு, 15 செக்கனுக்கு மேசையில் தாளம் தட்டி எண்ணுங்கள். வந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். 22க்கும் 27க்கும் இடையில் தட்டினால் பென் ட்ரைவுக்குப் போகலாம். 30க்கு மேல் போனால் கலியாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பென் ட்ரைவை இப்படி எண்ணிப் பார்த்தேன். 'ரோட்' என்று பெயர் வைத்திருந்த அடுக்கில் பாதிக்கு மேல் 30 தாண்டிய குத்துப் பாட்டும் பைலாவும். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளும் நாகூர் ஹனீபாவின் சில பாட்டுகளும் நடுத்தரத்தில் வந்தன. அவை 'வீடு' என்ற அடுக்கில் கிடந்தன. தலைகீழாக வைத்திருக்கிறாய் என்றேன். "அதுக்கெல்லாம் கண் சொக்கும் காக்கா" என்றான்.

அவன் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. மெதுவான தாலாட்டு மெட்டுச் சலிப்பைக் கூட்டும். அதனால்தான் மிக மெதுவும் வேண்டாம், மிக வேகமும் வேண்டாம் என்கிறோம். விழிப்பு ஏற ஏற வேலைத்திறன் ஏறி, ஒரு உச்சிக்குப் பிறகு மறுபடி இறங்குகிறது என்று யெர்க்ஸும் டொட்சனும் 1908இலேயே எலிகளை வைத்துச் சொல்லிவிட்டார்கள். பாட்டு சாரதியை அந்த மேட்டின் உச்சிக்குத் தள்ளவேண்டும், அந்தப் பக்கம் உருட்டிவிடக்கூடாது.

இரண்டாவது, வார்த்தை. தெரியாத பாட்டென்றால் மனம் அதன் சொற்களைப் பிடிக்கப் போகும். நன்றாகத் தெரிந்த பாட்டென்றால் மனம் அதற்கு முன்னாலேயே போய் நிற்கும், உழைப்புக் குறைவு. ஆனால் தெரிந்த பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. வாய் தானாகப் பாடத் தொடங்கும். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் 2013இல் நடந்த திரைவண்டி ஆய்வில், கூடவே பாடியவர்களுக்கு மூளைச்சுமை கூடியது. திடீரென்று எதிர்ப்படும் ஆபத்துகளை அவர்கள் கண்டுகொண்டதும் பிந்தியது. அதேசமயம் பாடாமல் வெறுமனே கேட்டவர்களைவிட அவர்கள் பெரிய அளவில் மோசமாக ஓட்டிவிடவும் இல்லை. ஆக, நேர்ப்பாதையில் முணுமுணுத்துக்கொண்டு போவதில் பெரிய தீங்கில்லை. வளைவிலும் ஊருக்குள்ளும் வாயை மூடவேண்டும்.

மூன்றாவது பற்றித்தான் சாரதிகள் யாரும் பேசுவதில்லை. அது சத்தத்தின் ஏற்றத்தாழ்வு. நல்ல இசையில் மெல்லிய இடமும் உண்டு, கனத்த இடமும் உண்டு. புல்லாங்குழல் தனியே வரும் இடம் வீட்டில் எவ்வளவு இனிமை! லொறிக்குள் அது கேட்காது. டீசல் எஞ்சினின் தாழ்ந்த உறுமல், தனக்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளையெல்லாம் மூடிவிடும். தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மூடுவது, உயர்ந்த ஒலி தாழ்ந்த ஒலியை மூடுவதைவிட எளிது, காதின் அமைப்பே அப்படி. உடனே சாரதி என்ன செய்வார்? வொலியூமைக் கூட்டுவார். அடுத்த நிமிடம் கனத்த வாத்திய இடம் வந்து காதில் அறையும். மறுபடி குறைப்பார். இந்தக் கூட்டல் குறைத்தலில் ஒவ்வொரு முறையும் கையும் கண்ணும் பாதையை விட்டுப் போகின்றன. ஆகவே லொறிக்கு ஏற்ற பாட்டு ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே கனத்தில் போகும் பாட்டு. பாடும் குரல் நடுவில் தெளிவாக, பக்கவாத்தியம் சீராக. ஹனீபாவின் கணீர்க் குரல் எஞ்சினை மீறிக்கொண்டு வருவதைக் கேட்டிருப்பீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் 'ரோட்' அடுக்கில் இடம்பெறவேண்டியவர்.

வொலியூம் இரவு முழுக்க மெல்ல மெல்ல ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலத்த சத்தத்தில் சில மணிநேரம் இருந்தால் காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். பழைய அளவு போதாததுபோல் தோன்றும். 85 டெசிபலில் 8 மணிநேரம் இருப்பதுதான் காதுக்குத் தாங்கும் எல்லை என்று தொழிற்சுகாதாரத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணிநேரம், 91 என்றால் 2. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கொழும்பில் வண்டியை நிறுத்தி, நித்திரை கொண்டு, பின்னேரம் மறுபடி சாவி போடும்போது, நேற்று விட்ட இடத்திலேயே பாட்டு தொடங்கிக் காதைப் பிளந்தால், இரவு உங்கள் காது மந்தமாகியிருந்தது என்று பொருள். ஓடும்போது பார்க்க இன்னொரு வழி, பக்கத்தில் இருக்கும் கிளீனர் சாதாரணக் குரலில் பேசுவது கேட்கவேண்டும். அவர் கத்தினால்தான் கேட்கிறது என்றால் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னும் கேட்காது.

பஸ் சாரதியின் பாடு இதைவிடச் சிக்கல். லொறியில் ஸ்பீக்கர் சாரதிக்கு மட்டும். பஸ்ஸில் ஐம்பது பேருக்கு. 2020 தொடக்கத்தில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் மஹிந்த அமரவீர, பஸ்களில் பெரும் சத்தத்தோடு ஒலிக்கும் பாட்டுகள் குறித்து முறைப்பாடுகள் வருவதாகச் சொல்லி, தெரிவுசெய்த பாட்டுகளை மட்டும் போடவைக்கும் யோசனையை முன்வைத்தார். அது முழுக்கப் பயணிகளின் காதை நினைத்து வந்த யோசனை. நள்ளிரவில் பயணிகளுக்கு வேண்டியது தாலாட்டு, சாரதிக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் முடியாது. சாரதியின் தலைக்கு மேல் சிறிய ஸ்பீக்கர் ஒன்றைத் தனியாகப் பூட்டிவிட்டால் தீரும் பிரச்சினைக்கு, பாட்டுப் பட்டியல் போடுவானேன் என்று அப்போதே நினைத்தேன்.

ஒரே பட்டியல் என்பதிலும் ஒரு குறை உண்டு. மூளை புதியதுக்குத் தலைதிருப்பும், பழகியதைப் புறக்கணிக்கும். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் ஐந்து நிமிடத்தில் காணாமல் போவதும், அது நின்றால் உடனே தெரிவதும் அதனால்தான். தினமும் ஒரே ஒழுங்கில் ஓடும் நாற்பது பாட்டு ஒரு மாதத்தில் அந்த டிக் டிக் ஆகிவிடும். சாரதி அதைக் கேட்பதேயில்லை, எஞ்சின் சத்தத்தோடு அதுவும் ஒரு உறுமல். இதற்குப் புதிய பாட்டு தேடி அலையவேண்டியதில்லை. ஒழுங்கைக் கலைத்தால் போதும். மூன்று நாலு பாட்டுக்கு ஒருமுறை குரலும் மொழியும் மாறட்டும், தமிழ் போய் சிங்களம், அது போய் ஹிந்தி. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் முழு அமைதி. நின்றுபோன கடிகாரம்போல அந்த அமைதியும் மூளையைத் தட்டும். இதையெல்லாம் ஓடும் வண்டியில் போனைப் பார்த்துச் செய்யக்கூடாது. கண் 2 செக்கனுக்கு மேல் பாதையை விட்டு விலகினால் விபத்து அபாயம் குறைந்தது இரண்டு மடங்கு ஆகிறது என்று அமெரிக்காவில் நூறு கார்களில் கமரா பூட்டி ஒரு வருடம் பார்த்த ஆய்வு காட்டியது. ஐந்து நிமிட மௌனத்தைக்கூட ஒரு பாட்டுப்போலப் பதிந்து, இடையில் செருகி, வீட்டிலிருந்தே அடுக்கிக் கொண்டுபோகலாம். தம்பிக்கு அப்படித்தான் செய்துகொடுத்தேன். அவன் சிரித்தான், ஆனால் வாங்கிக்கொண்டான்.

வெல்லவாயவில் சமவெளி முடிகிறது. கொஸ்லந்த, பெரகலை நோக்கி மலை ஏறும் பாதை. கொண்டையூசி வளைவுகள், பனிமூட்டம், எதிரே இறங்கி வரும் லொறிகள். இங்கே சலிப்புக்கு இடமில்லை. பாட்டைக் குறைத்து, இல்லாமலே போகலாம்.

பெரகலை தாண்டி, ஹல்துமுல்ல வழியே இறங்கிப் பலாங்கொடைப் பக்கம் வரும்போது மணி 2ஐ எட்டும். இங்கேதான் ஆபத்து உடையை மாற்றிக்கொண்டு வருகிறது. ஹோர்னும் ரெய்னரும் 1995இல் பிரித்தானிய வீதி விபத்துகளை ஆராய்ந்தபோது, நித்திரையால் நேர்ந்தவை அதிகாலை 2 மணி, காலை 6 மணி, பிற்பகல் 4 மணி ஆகிய நேரங்களை ஒட்டிக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். வெல்லவாயவுக்கு முன்னால் கண்ணைச் செருக வைத்தது பெரும்பாலும் சலிப்பு. இங்கே செருக வைப்பது நித்திரை. தம்பி விழித்து 21 மணிநேரத்துக்கு மேல். அவன் செய்வது அதே வேலை, பாட்டைக் கூட்டுவது. இப்போது அது மருந்தில்லை. நோவு மாத்திரை போட்டுக்கொண்டு முறிந்த காலால் நடப்பது மாதிரி.

இந்த மாற்றத்தை எப்படி அறிவது? கொட்டாவியை வைத்து முடியாது, அது இரண்டிலும் வரும். பாட்டையே அளவுகோலாக்கலாம். ஒரு பாட்டு முடிந்ததும் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். முடிந்தது என்ன பாட்டு? கடைசியாகத் தாண்டியது எந்த ஊர், எந்தப் பாலம்? பாதை ஞாபகம் இருக்கிறது, பாட்டு ஞாபகம் இல்லை என்றால் மிக நல்லது. கவனம் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. பாட்டு ஞாபகம் இருக்கிறது, பாதை இல்லை என்றால் பாட்டு உங்களை இழுத்துக்கொண்டது, பாட்டை நிறுத்துங்கள். இரண்டுமே ஞாபகம் இல்லை என்றால் வண்டியை நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் மூளை சில செக்கன்கள் அணைந்து எரிந்திருக்கிறது. நுண்ணுறக்கம் என்பார்கள். கண் திறந்தபடியே இருக்கலாம், ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளில்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் லொறி, 4 செக்கனில் 67 மீற்றர் போய்விடும். பலாங்கொடைப் பாதையில் 67 மீற்றர் நேராகக் கிடைப்பது அரிது.

எங்கள் பகுதியில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. விளைந்த வயலைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்க இரவில் பரணில் ஏறி உட்கார்ந்தவர்கள் கவி படிப்பார்கள். ஒரு பரணில் ஒருவர் படித்தால் அடுத்த பரணிலிருந்து பதில் வரும். சின்ன வயதில் இதைக் காவற்காரரின் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், லஃப்பரோ ரேடியோவைவிட அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ரேடியோ கேட்பவர் எதுவும் செய்யவேண்டியதில்லை. பதில் கவி சொல்பவர் கேட்கவேண்டும், புரிந்துகொள்ளவேண்டும், கட்டவேண்டும், குரலெடுக்கவேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த பரண்காரருக்கு இவர் உறங்கிவிட்டார் என்று தெரிந்துவிடும். 2008இல் தொழில்முறை லொறிச் சாரதிகளைத் திரைவண்டியில் ஓட்டவைத்துச் செய்த ஓர் ஆய்வும் இதே பக்கம்தான் காட்டியது. பொது அறிவுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஓட்டியவர்களின் விழிப்பும் ஓட்டமும் தாக்குப்பிடித்தன. ஞாபகத்தைக் கசக்கும் வேலை கொடுத்தபோது ஓட்டம் கெட்டது. இலேசான கேள்வி நல்லது, கணக்குப் பாடம் கெட்டது. எனவே கிளீனர் நித்திரை கொள்ளாமல் இருந்து ஒரு நொடி போட்டு, சாரதியை அவிழ்க்கச் சொன்னால், பென் ட்ரைவில் உள்ள எந்தப் பாட்டையும்விட அது பயன்படும். கிளீனர் பதில் கேட்டுக் காத்திருப்பதால், பரணில் போலவே, மௌனம் தானாகவே காட்டிக்கொடுக்கும்.

அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அடினோசினைக் கரைப்பது நித்திரை மட்டுமே. ரெய்னரும் ஹோர்னும் 1997இல் செய்த இன்னொரு பரிசோதனையில், 150 மில்லிகிராம் கஃபீன் உள்ள கோப்பியைக் குடித்துவிட்டு உடனே 15 நிமிடத்துக்கு உட்பட்ட நித்திரை போட்டவர்களின் தவறுகள், கஃபீன் இல்லாத கோப்பி குடித்தவர்களின் தவறுகளில் 9 சதவீதமாக இறங்கின. கோப்பி மட்டும் குடித்தவர்களுக்கு 34 சதவீதம். முதலில் குடி, பிறகு படு என்ற வரிசை முக்கியம். கஃபீன் இரத்தத்தில் ஏற இருபது நிமிடமாவது ஆகும், அந்த இருபது நிமிடத்தைத்தான் நித்திரைக்குக் கொடுக்கிறோம். ஒரு கப் பிளேன்டீயில் கஃபீன் ஏறக்குறைய 40 மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அரைமணிக்கு மேல் உறங்கினாலும் சிக்கல். ஆழ்ந்த நித்திரைக்குள் போய் எழும்பினால் தலை கனத்து, கால்மணி நேரம் கை சொன்னபடி கேட்காது.

இன்னும் மலிவான வழி ஊரிலேயே கிடக்கிறது. லுஹருக்குப் பிறகு ஒரு மணிநேரம் படுத்து எழும்பும் பழைய வழக்கம், கைலூலா. அன்று தம்பி அதைச் செய்திருந்தால், பொத்துவில் சந்தியில் கணக்கு 17 ஆகியிருக்காது. மீன் ஏற்றும் நாளில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை என்றான். கரையில் விலை பேசுவது, ஐஸ் எடுப்பது, பெட்டி அடுக்குவது எல்லாம் அந்த நேரத்தில்தான். அதை மறுக்க எனக்கு வழியில்லை. கூலி நாளுக்கல்ல, பயணத்துக்குத்தான்.

பலாங்கொடை தாண்டியதும் கேட்டேன், "இப்ப போனது என்ன பாட்டுடா?" கொஞ்சம் யோசித்தான். "கடைசியா எந்தப் பாலம் தாண்டினோம்?" அதற்கும் பதில் இல்லை. பெல்மதுளையில் திறந்திருந்த கடையில் வண்டியை ஓரங்கட்டினான். சீனி போடாமல் இரண்டு கப் கட்டிக் கோப்பி. போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினான். கிளீனர்ப் பையன் கீழே இறங்கி நின்று, ஐஸ் தண்ணீர் சொட்டும் பின்கதவைத் தட்டிப் பார்த்தான். அலாரம் அடித்தபின் முகம் கழுவிவிட்டு, பத்து நிமிடம் கடை வாசலில் சும்மா நின்றோம்.

பேலியகொடையில் மீன் இறங்கும்போது மணி 5.20. வழக்கத்தைவிட அரைமணி தாமதம். பெல்மதுளைக்குப் பிறகு பாட்டு போடவில்லை. அந்த வழி முழுக்கக் கிளீனர் பையன் நொடி போட்டுக்கொண்டு வந்தான். அதில் இரண்டுக்கு இன்னும் எங்கள் இருவருக்கும் விடை தெரியாது.